மச்சினனுக்கு மூணு ஸ்டார்

என் மச்சினன் நாகலாபுரத்தில் சொந்தமாக போர் மோட்டார் சர்வீஸ் ஆரம்பித்தான். கூகுள் மேப்பில் கடைப் பெயரைப் பதிந்த அன்றே, ஒரு கல்யாண வீட்டில் பந்திக்கும் தாம்பூலத்துக்கும் நடுவே, பதினாலு சொந்தக்காரர்களைப் பிடித்து ஐந்து ஸ்டார் போடவைத்து விட்டான். எல்லாரும் எழுதியது ஒரே வார்த்தை: 'சூப்பர்!' அதில் மூணு பேர் வீட்டில் போரே கிடையாது. நானும் ஒருத்தன்!

நாலு நாளில் ஒன்பது விமர்சனம் காணாமல் போனது. "அத்தான், கூகுளுக்கு நம்ம மேல என்ன பொறாமை?" என்றான். பொறாமை இல்லை, ஒரே ராத்திரி, ஒரே இடம், ஒரே வார்த்தை. இதையெல்லாம் சலித்துத் தள்ள சல்லடை வைத்திருக்கிறார்கள். மீதி ஐந்தைப் பார்த்த வாத்தியார் ஒருவர், "இவங்கள்லாம் உங்க பங்காளிகளா?" என்று கேட்டு விட்டார். நம்பிக்கைக்காகப் போட்டது, இருந்ததையும் கெடுத்தது.

அடுத்து, "விமர்சனம் எழுதினா கூலியில அம்பது ரூபா தள்ளுபடி"ன்னு நோட்டீஸ் அடிக்கக் கிளம்பினான். தடுத்தேன். காசோ தள்ளுபடியோ கொடுத்து வாங்குவதும், திருப்தியான ஆளிடம் மட்டும் பொறுக்கிக் கேட்பதும் கூகுள் விதிப்படி தப்பு.

"மாப்ள, தண்ணி எப்ப குழாயில கொட்டுதோ, அப்ப கேளு. ரெண்டு நாள் கழிச்சுக் கேட்டா மனுஷனுக்கு மறந்து போகும்" என்றேன். வேலை முடிந்ததும், கடைப் பக்கத்திலேயே கிடைக்கும் விமர்சன லிங்க்கை அவர் வாட்ஸ்அப்புக்கு அனுப்புவது. 'நல்லா எழுதுங்க' என்று சொல்லக் கூடாது. "என்ன கோளாறு, எத்தனை மணி நேரம், எவ்வளவு ஆச்சு, உள்ளதை எழுதுங்க" அவ்வளவுதான். அவர் போனில், அவர் கையால்.

முதலில் வந்தது இது: 'மோட்டார் எரிஞ்சு போச்சுன்னு பயந்தேன். கெபாசிட்டர் மட்டும் மாத்தினார். அரை மணி நேரம்.' பதினாலு சூப்பரும் செய்யாத வேலையை இந்த மூணு வரி செய்தது. புது ஆள் தேவையில்லாமல் மோட்டாரைக் கழற்றி பில்லை ஏற்றி விடுவானோ என்பதுதானே ஊர்க்காரர் பயம்?

மிளகாய்க் காட்டுப் பெரியவர்களிடம் இது நடக்காது. மெயில் ஐ.டி. பேரன் சென்னையில் வைத்திருப்பான். 'நானே போட்டு விடுதேன்' என்று அவர்கள் போனை வாங்கினால் மறுபடி கல்யாண வீட்டுக் கதைதான். அவர்களுக்கு ஒரு நோட்டு: பெயர், தேதி, செய்த வேலை, 'யாராவது விசாரித்தால் பேசுவேன்' என்று சம்மதித்தால் மட்டும் நம்பர்.

ரெண்டாம் மாசம் வந்தது மூணு ஸ்டார். 'ஒன்பது மணிக்கு வரேன்னு சொல்லி பன்னிரண்டரைக்கு வந்தார். வேலை சுத்தம்.' மச்சினன் கொதித்தான். அதை நீக்கச் சொல்லி கூகுளிடம் புகார் செய்யவும் பார்த்தான். உண்மையை எப்படி நீக்கச் சொல்வது? ஒரு நாள் ஆறப்போட்டு பதில் எழுதினோம்: 'உண்மைதாங்க. முந்தின வீட்டு போர்ல கயிறு சிக்கிடுச்சு. போன் பண்ணிச் சொல்லாதது என் தப்பு. இனிமே லேட்டானா சொல்லிருவேன்.'

அடுத்த வாரம் விளாத்திகுளத்திலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார்கள்.

"ஏப்பா, லேட்டா வருவியாமே? வரதுக்கு முன்னாடி போன் பண்ணிரு, நான் ரேஷன் கடைக்குப் போகணும்."