வெயில் இருக்கு, வெந்நீர் எங்கே?

மணிமுத்தாறில் அந்த வீட்டு மொட்டை மாடியில் நின்றால் அணையும், அதற்குப் பின்னால் மாஞ்சோலை மலையும் தெரியும். தை மாத வெயில் பளிச்சென்று அடித்தது. மாடியில் 15 கண்ணாடிக் குழாய்களோடு சோலார் வாட்டர் ஹீட்டர். கீழே குளியலறையிலோ வெந்நீர் நூல் போல ஒழுகியது. ஒரு வாளி நிரம்பக் கால் மணி நேரம். நிரம்பிய தண்ணீரும் வெதுவெதுப்புதான்.

பேறுகாலத்துக்கு வந்த மகள், பத்து நாள் பிள்ளையோடு வீட்டில் இருந்தாள். ஆச்சி அடுப்பில் அண்டா வைத்துச் சூடாக்கி, வாளியில் மொண்டு சுமந்தார். ஒருநாள் ஈரத்தரையில் கால் வழுக்கியது. வெந்நீர் முழுக்கத் தரையில் கொட்டியது. நல்லவேளை, யார் மேலும் படவில்லை. அன்று சாயங்காலமே பிளம்பரை வரச் சொன்னார்கள்.

ஹீட்டரே போய்விட்டது, புதிதுதான் வாங்க வேண்டும் என்று ஏற்கெனவே ஒருவர் சொல்லிப் போயிருந்தார். வந்த பிளம்பர் எதையும் கழற்றவில்லை. மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்கு மாடியேறி, ஹீட்டர் டேங்கின் கழிவுக் குழாயைத் திறந்து கொஞ்சம் தண்ணீர் பிடித்தார்.

“ஆச்சி, இது கையைச் சுட்டா டேங்க் நல்லாருக்கு, கீழ வர்ற பைப்லதான் கோளாறுன்னு அர்த்தம். இதுவே சூடில்லன்னா குழாயைப் பாக்கணும்” என்றார்.

தண்ணீர் சுடவில்லை. அங்கேயே வேகமாகக் கொட்டியது, கீழே மட்டும் ஒழுகியது. ஆக, கோளாறு ஒன்றல்ல, இரண்டு.

மறுநாள் வெயில் ஏறும் முன்பே வேலை தொடங்கியது. காலி குழாய் வெயிலில் காய்ந்தால் உள்ளே 200 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். அப்போது குளிர்ந்த தண்ணீர் பட்டால் கண்ணாடி விரிந்துவிடும். வால்வை மூடி, டேங்கை வடித்து, குழாய்களை ஒவ்வொன்றாகத் திருகி இழுத்தார். அடியில் ஒரு சாண் உயரத்துக்கு வெள்ளைப் பொடியும் செதிலும் கிடந்தன.

அது போர் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு. தண்ணீர் சூடாகும்போது அது பிரிந்து படிகிறது. குழாயில் சூடான தண்ணீர் மேல்பக்கமாக ஏறி டேங்குக்குப் போகும், குளிர்ந்தது அடிப்பக்கமாக இறங்கி வரும். அந்தப் பாதையைப் படிவு அடைத்துவிட்டால், வெயில் எவ்வளவு அடித்தாலும் சூடு டேங்குக்கு ஏறாது.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் எலுமிச்சை உப்பு கரைத்துக் குழாய்களில் ஊற்றினார். நுரை பொங்கியது. நுரை அடங்கியதும் கம்பில் கட்டிய துணியால் துடைத்துக் கழுவினார். “ஆசிட் ஊத்துனா சீக்கிரம் போயிருமே தம்பி?” என்று ஆச்சி கேட்டார். “மிச்சம் இருக்கிறது டேங்குல போய் ஸ்டீலை அரிச்சிரும் ஆச்சி” என்றார் அவர். ஒரு குழாயின் அடிமுனை மட்டும் வெள்ளிப் பளபளப்பு போய்ப் பால் நிறமாக வெளுத்திருந்தது. காற்று புகுந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அந்த ஒன்றை மட்டும் மாற்றினார். ரப்பர் வளையங்களில் சோப்புத் தண்ணீர் தடவி எல்லாவற்றையும் மாட்டினார்.

அடுத்தது பைப். டேங்கிலிருந்து வந்த வெந்நீர் பைப், மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் ஏறிக் குதித்துக் கீழே இறங்கியிருந்தது. கரண்ட் இல்லாத நாட்களில் தண்ணீர்த் தொட்டி வற்றி, பைப்புக்குள் காற்று புகுந்திருக்கிறது. திரும்பத் தண்ணீர் வந்தபோது அந்தக் காற்று மேட்டிலேயே சிக்கிக்கொண்டது. தண்ணீர் அதைத் தாண்ட வழியில்லாமல் ஒழுகியது.

மோட்டார் தண்ணீர் வரும் குழாயிலிருந்து ஒரு ஹோஸை எடுத்து, குளியலறை வெந்நீர்க் குழாயில் மாட்டிக் கீழிருந்து மேலே தள்ளினார். ஹீட்டர் டேங்கின் மேல் நிற்கும் காற்றுக் குழாய் குபுகுபுவென்று சத்தமிட்டது. சத்தம் நின்றதும் ஹோஸை எடுத்தார். காற்று திரும்பவும் சிக்கக்கூடாது அல்லவா? கைப்பிடிச் சுவரில் துளை போட்டு, பைப்பை மேடில்லாமல் ஒரே சரிவாக இறக்கினார். காற்றுக் குழாயின் வாய், தொட்டியின் தண்ணீர் மட்டத்தைவிட உயரமாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டார். தாழ்வாக இருந்தால் அதன் வழியே தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும்.

மறுநாள் மத்தியானம் குழாயில் கை வைக்க முடியவில்லை. நான்கு நிமிடத்தில் வாளி நிரம்பியது.

“போர் தண்ணி விடுற வரைக்கும் வருசத்துக்கு ஒருக்கா இந்த வேலை இருக்கும் ஆச்சி. ஆத்துத் தண்ணிக்கு ஒரு சின்ன டேங்க் வச்சு ஹீட்டருக்கு மட்டும் விடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆச்சி காலண்டரில் அதைக் குறித்து வைத்தார். அண்டா பரணுக்குப் போனது. இப்போது பேத்தியைக் குளிப்பாட்ட, பக்கத்தில் ஒரு வாளி பச்சைத் தண்ணீரும் வைத்து விளாவ வேண்டியிருக்கிறது.