திகதி பிழைத்த கொம்பியூட்டரும் ஒரு சிவப்பு முக்கோணமும்



பரீட்சைப் பெறுபேறு வருகிற நாட்களில் என் வட்ஸ்அப்புக்குப் பிள்ளைகளின் பெறுபேற்றை விட, பெறுபேறு திறக்கவில்லை என்கிற படங்கள்தான் அதிகம் வரும். அந்தப் படங்களைத் தமிழில் விளக்கி அனுப்புவது எப்படி என்று குழுவில் இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். போன தடவை மூதூரிலிருந்து ஒரு ராத்தா அனுப்பிய ஒரே ஒரு படத்தை வைத்துச் சொல்கிறேன். நீளமான பதிவு, ஆறுதலாக வாசியுங்கள்.

மகனுடைய சாதாரண தரப் பெறுபேற்றை அச்செடுத்து, உயர்தர வகுப்புக்கு அடுத்த நாள் காலையில் கொடுக்க வேண்டும். வீட்டில் பழைய கொம்பியூட்டர் ஒன்று, விண்டோஸ் 10. பிள்ளை பரீட்சைக்குப் படிக்கத் தொடங்கியபோது மூடி வைத்தது. www.doenets.lk என்று அடித்ததும் சிவப்பு முக்கோணத்தோடு ஒரு பக்கம் வந்துவிட்டது. "சேர், பரீட்சைத் திணைக்களத்திட பக்கத்த ஹெக் பண்ணிட்டாங்களாம், தம்பி சொல்றான். எங்கட விபரமும் போயிருக்குமா?" என்று குரல் பதிவு. பின்னால் அந்தத் தம்பியின் குரலும் கேட்கிறது: "Advanced குடுத்துட்டு உள்ளுக்க போங்க ராத்தா, ஒண்டும் நடக்காது."

படத்தில் இருந்த முதல் வரி "Your connection is not private". இதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் "உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல" என்று வரும். இலக்கணம் சரி, ஆனால் வாசிக்கிற உம்மாவுக்கு அதில் ஒன்றும் விளங்காது, பயம் மட்டும் வரும். அந்த வரியில் குரோம் சொல்வது இதுதான்: "இதுதான் நீங்கள் தேடி வந்த தளம் என்று என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை, அதனால் வாசலில் நிறுத்திவைத்திருக்கிறேன்." அடுத்த வரி "Attackers might be trying to steal your information" என்று தொடங்குகிறது. இதில் உயிர் நிற்பது might என்ற சொல்லில். "திருட முயல்கிறார்கள்" என்று மொழிபெயர்த்தால் திருட்டு நடந்துகொண்டிருக்கிறது என்றாகிவிடும். "திருட முயலவும் கூடும்" என்பதுதான் சரி. ராத்தாவின் வீட்டில் யாரோ அந்த ஒரு சொல்லை விட்டு மொழிபெயர்த்ததால்தான் "ஹெக்" என்ற கதை வந்தது.

இந்த இரண்டு வரிகளும் பல வகையான பிழைக்கும் ஒன்றுபோலத்தான் வரும். எந்தப் பிழை என்று சொல்வது அதற்குக் கீழே சின்னதாகச் சாம்பல் நிறத்தில் இருக்கும் வரி. போனால் திரையைப் படம் பிடித்தால் முதலில் மங்குவதும் அதுதான். அதை மட்டும் பார்த்து அடித்து அனுப்பச் சொன்னேன்:

```
NET::ERR_CERT_DATE_INVALID
```

இதைத் தமிழாக்கக் கூடாது. இது மருந்துப் பெட்டியில் உள்ள மருந்தின் பெயர் மாதிரி, எழுத்து எழுத்தாக அப்படியே இருக்க வேண்டும். நாங்கள் செய்ய வேண்டியது, அதில் எந்தத் துண்டைப் பார்க்க வேண்டும் என்று காட்டுவது. இங்கே DATE, அதாவது திகதி. அந்த இடத்தில் AUTHORITY என்று இருந்திருந்தால் கதை வேறு. அப்போது திகதியைத் திருத்திப் பயனில்லை, அந்தப் பக்கத்தில் எதையும் நிரப்பாமல் மூடிவிட்டு யாரையாவது கேட்க வேண்டும்.

திகதிக்கும் தளத்துக்கும் என்ன தொடர்பு? வாகன வருமான அனுமதிப்பத்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை செல்லும் என்று அதில் இருக்கும். பொலிஸ்காரர் அதைப் பார்த்துவிட்டுத் தன் கலண்டரைப் பார்ப்பார். அவருடைய கலண்டர் ஐந்து மாதம் பின்னால் நின்றால், போன மாதம் எடுத்த பத்திரம் இன்னும் தொடங்காத பத்திரமாகத்தான் அவருக்குத் தெரியும். ஒவ்வொரு தளத்துக்கும் அப்படி ஒரு சான்றிதழ் உண்டு, பல தளங்களில் அது சில மாதங்களுக்கு ஒரு தடவை புதிதாகும். பொலிஸ்காரர் இடத்தில் குரோம், கலண்டர் இடத்தில் உங்கள் கொம்பியூட்டரின் மணிக்கூடு. ஒரு வருடத்துக்கு எடுத்த பழைய சான்றிதழ் உள்ள தளங்கள் திறக்கும், அண்மையில் புதுப்பித்த தளங்கள் திறக்காது. "மத்ததெல்லாம் வருகுது சேர், இதுதான் வருகுதில்ல" என்று ராத்தா சொன்னதற்கும், தளத்தில்தான் பிழை என்று நினைத்ததற்கும் காரணம் அதுதான்.

அடுத்து "Advanced". "மேம்பட்டது" என்று எழுதினால் ஏதோ நல்ல இடத்துக்குப் போவது மாதிரி இருக்கும். இந்த இடத்தில் அதன் பொருள் "மேலும் விபரம்", அவ்வளவுதான். அதை அழுத்தச் சொன்னேன், ஆனால் கீழே வருகிற எதையும் தொடாமல் படம் மட்டும் எடுத்து அனுப்பச் சொன்னேன். அதில் "Your computer's clock is currently set to" என்று தொடங்கி ஒரு திகதி, பிறகு "Does that look right?" என்று ஒரு கேள்வி. கொம்பியூட்டர் அந்தக் கேள்வியை ராத்தாவிடம் கேட்கிறது, ஆகவே கேள்வியாகவே தமிழாக்கினேன்: "உங்கள் கொம்பியூட்டர் இன்று இந்தத் திகதி என்று நினைக்கிறது. சரியா?" திரையில் ஏப்ரல் மாதம். நாங்கள் செப்டெம்பரில். "யா அல்லாஹ், இது பிழை சேர்" என்று உடனே பதில் வந்தது. அந்த இடத்திலிருந்து அவருக்குப் பயம் போய்விட்டது.

அதே படத்தின் அடியில் "Proceed to www.doenets.lk (unsafe)" என்று ஒரு இணைப்பு. தம்பி சொன்னது இதைத்தான். அன்றைக்கு அதை அழுத்தியிருந்தாலும் பெறுபேறு வந்திருக்கலாம். ஆனால் நாளைக்கு வங்கிப் பக்கத்தில் இதே சிவப்பு முக்கோணம் உண்மையான காரணத்தோடு வந்தால் கையும் தானாகவே அங்கேதான் போகும். அதனால் நான் விளக்கப் படம் அனுப்பும்போது அந்த வரிக்கு வட்டம் போடுவதில்லை, குறுக்கே ஒரு கோடு போட்டு "இதைத் தொட வேண்டாம்" என்று எழுதிவிடுவேன்.

இனித் திருத்தம். திரையின் வலது பக்கக் கீழ் மூலையில் உள்ள நேரத்தின் மேல் மவுஸின் வலது பட்டனை அழுத்தினால் ஒரு சின்னப் பட்டியல் வரும். அதில் "Adjust date/time". என் கொம்பியூட்டரில் அதே பக்கத்தைத் திறந்து, ஒரு படத்துக்கு ஒரு வேலை என்று எடுத்து அனுப்பினேன். ஒவ்வொரு படத்தின் கீழும் மூன்று வரி. ஒன்றைக் காட்டுகிறேன்:

2ஆம் படம்: "Set time automatically"
வாசிப்பது: செட் டைம் ஒட்டோமெட்டிக்கலி
பொருள்: நேரத்தைக் கொம்பியூட்டர் இணையத்திலிருந்து தானே எடுத்துக்கொள்ளும்.

ஆங்கிலச் சொல்லை அப்படியே விட்டதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலத்தை அழித்துவிட்டு அதன் மேலேயே தமிழை ஒட்டிய படங்கள் சில குழுக்களில் சுற்றுகின்றன. பார்க்க அழகு. ஆனால் வீட்டிலுள்ள திரையில் அந்தத் தமிழ் இல்லையே, எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது? எழுத்தின் உருவத்தைப் பார்த்தாவது பொருத்திக்கொள்ளட்டும் என்றால் ஆங்கிலம் இருக்க வேண்டும். போனைத் தமிழுக்கு மாற்றியிருப்பவர்களுக்கு மட்டும் இது மறுதலை: அவர்களுடைய திரையில் என்ன இருக்கிறதோ அதையே எழுத வேண்டும். அங்கே நாங்கள் சொல்கிற "திகதி" இருக்காது, இந்தியத் தமிழில் "தேதி" என்றுதான் இருக்கும்.

இந்தப் பக்கத்தில் எல்லோரும் தடுக்குகிற இடம் அந்த ஆளிக்குப் பக்கத்தில் நிற்கும் "On", "Off" என்ற சொல்தான். அது கட்டளை அல்ல, இப்போதைய நிலை. "On" என்று இருந்தால் ஏற்கெனவே இயங்குகிறது என்று அர்த்தம், இயக்குவதற்கு அழுத்து என்று அல்ல. ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டுக்கும் போதும். தமிழில் எழுதும்போது நாங்கள் ஒன்றைத் தெரிவு செய்தே ஆக வேண்டும்: "இயக்கத்தில் உள்ளது" என்று எழுத வேண்டிய இடத்தில் "இயக்கு" என்று எழுதினால், வாசிக்கிறவர் அதை அழுத்தி அணைத்துவிட்டு எல்லாம் சரியென்று இருப்பார்.

ராத்தாவின் திரையில் அது "On". ஆனாலும் திகதி ஏப்ரல்தான். இடைவெளி பெரிதாகிவிட்டால் தானாகத் திருந்தாமல் இருப்பதுண்டு, கையால் கிட்டக் கொண்டுவந்துவிட வேண்டும். அதற்கு "Change" என்ற பட்டன். அது மங்கிப்போய் இருக்கும், அழுத்தினால் அசையாது. பட்டன் பழுது என்று நினைக்காதீர்கள். மேலே உள்ள ஆளியை "Off" ஆக்கினால்தான் அது உயிர் பெறும். இதை எந்தப் பக்கமும் சொல்லித் தராது, நாங்கள்தான் விளக்கத்தில் எழுத வேண்டும்.

"Change"ஐ அழுத்துவதற்கு முன் "Time zone" என்ற பட்டியலைப் பாருங்கள். அதில் "Sri Lanka" என்று தேடினாலும் "Colombo" என்று தேடினாலும் கிடைக்காது. எங்களுடையது இப்படி இருக்கும்: "(UTC+05:30) Sri Jayawardenepura". பக்கத்திலேயே சென்னை, கொல்கத்தா என்று அதே நேரத்தோடு இன்னொரு வரி இருக்கும். 1996இல் நேரத்தை மாற்றி, 2006 ஏப்ரலில் பழைய நேரத்துக்கே திரும்பியது பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தப் பத்து வருடமும் எங்கள் மணிக்கூடு இந்தியாவோடு ஒத்துப்போகவில்லை, அதனால்தான் தனி வரி. சில பழைய கொம்பியூட்டர்களில் அமெரிக்க வலயம் அப்படியே கிடக்கும். வலயத்தைக் கவனிக்காமல் நேரத்தை மட்டும் கையால் எங்கள் நேரத்துக்குத் திருப்பினால் கண்ணுக்குச் சரியாகத் தெரியும், உள்ளுக்குள் பல மணித்தியாலம் பிழையாகவே இருக்கும். ஆகவே வலயம் முதலில், திகதியும் நேரமும் பிறகு, கடைசியில் ஆளியை மீண்டும் "On".

எல்லாம் முடித்து F5ஐத் தட்டியதும் பக்கம் திறந்தது. பெறுபேறு வந்த படத்தையும் அனுப்பினார், சுட்டெண்ணும் பெயரும் முழுதாகத் தெரிய. நல்ல காலம், எனக்குத்தான் அனுப்பினார். இப்படிப் படங்களைக் குழுவில் போடுவதென்றால் அந்த இரண்டையும் மறைத்துவிட்டுப் போடுங்கள்.

அடுத்த வாரம் மறுபடியும் அதே சிவப்பு முக்கோணம். இது எதிர்பார்த்ததுதான். கொம்பியூட்டரை நிறுத்திய பிறகும் மணிக்கூட்டை ஓட வைப்பது உள்ளே இருக்கும் ஒரு சின்ன பற்றரி. அது தளர்ந்துவிட்டால் மின்சாரம் இல்லாத நேரத்தில் மணிக்கூடு நின்றுவிடும், அல்லது பல வருடம் பின்னால் போய்விடும். பார்த்துக்கொள்ள ஒரு வழி: இரவில் கொம்பியூட்டரை நிறுத்தி, சுவரில் உள்ள ஆளியையும் அணைத்துவிட்டு, காலையில் இணையத்தை இணைக்கும் முன் திகதியைப் பாருங்கள். பின்னால் நின்றால் பற்றரிதான். பெட்டி வடிவ கொம்பியூட்டர்களில் பெரும்பாலும் CR2032 என்று எழுதிய, நாணயம் மாதிரி வட்டமான ஒன்று. வயரைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, பழையது எந்தப் பக்கம் மேலே பார்த்து இருந்தது என்று முதலில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, அதே மாதிரிப் புதியதைப் போட வேண்டும். ராத்தாவின் வீட்டில் அதை மாற்றியது அந்தத் தம்பிதான்.