கேட்டுப் போன தடமும் கேட்காமல் போன தடமும்

முப்பது வருஷமாக ஒரு வழியில் போய் வந்தால் அந்த வழி நமக்குச் சொந்தமாகிவிடும் என்று எங்கள் ஊரில் எல்லோரும் நம்புகிறார்கள். டீக்கடையில் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். பாதி உண்மை. மீதிப் பாதியை என் அம்மா வீட்டுப் பட்டறைக்கு வந்த ஒரு நோட்டீஸ்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது.

திருப்பூர் என்றால் பனியன்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். ஆனால், அவிநாசி ரோட்டில் இருக்கும் அனுப்பர்பாளையத்துக்குப் பாத்திரம்தான் அடையாளம். செம்பு, பித்தளை, எவர்சில்வர் என்று தட்டும் சத்தம் கேட்காத தெரு குறைவு. அங்கேதான் என் அப்புச்சி 1988-ல் ஒரு சின்ன இடம் வாங்கிப் பட்டறை போட்டார். இப்போது மாமா நடத்துகிறார்.

பட்டறைக்கு முன்பக்கம் இருப்பது மூன்றரை அடிச் சந்து. ஆள் போகலாம், சைக்கிள் போகலாம். தகடு ஏற்றிவரும் குட்டியானை நுழையாது. அதனால் வண்டியெல்லாம் பின்பக்கக் காலி இடத்தின் வழியாகத்தான் வரும். பத்தடி அகலம், அறுபதடி நீளம். அந்த இடம் வேறொருவருடையது. அவரும் அப்புச்சியும் அண்ணன் தம்பி மாதிரி பழகியவர்கள்.

போன வருஷம் அவருடைய பிள்ளைகள் இடத்தை விற்றார்கள். வாங்கியவர் பனியன் குடோன் கட்டப்போகிறார். சுற்றிலும் காம்பவுண்டு எழுப்பப்போவதாகவும், இரண்டு மாதத்துக்குள் தடத்தைப் பயன்படுத்துவதை நிறுத்திக்கொள்ளும்படியும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டார்.

"முப்பத்தஞ்சு வருஷத் தடம்! அது எப்படீங்க அடைக்க முடியும்?" என்று மாமா கொதித்தார். நான் பத்திரிகையில் வேலை பார்ப்பதால், "நாலு பேரைத் தெரியும்ல அம்மணி, நல்ல வக்கீலாப் பாரு" என்று பொறுப்பு என் தலையில் விழுந்தது. சொத்து வழக்குகளை மட்டுமே பார்க்கும் ஒரு வக்கீல் அக்காவிடம் அப்புச்சியையும் மாமாவையும் அழைத்துப் போனேன்.

அக்கா முதலில் இரண்டு வார்த்தைகளைப் பிரித்துக் காட்டினார். இரண்டும் 1882-ம் வருஷத்து இந்திய ஈஸ்மெண்ட் சட்டத்தில் இருப்பவை. ஒன்று ஈஸ்மெண்ட். நம் கிரயப் பத்திரங்களில் 'மாமூல் தட பாத்தியம்' என்று எழுதுகிறார்களே, அந்த வகை. இன்னொன்று லைசென்ஸ், அதாவது வெறும் அனுமதி.

"ஈஸ்மெண்ட் நிலத்தோட ஒட்டிக்கிட்டு இருக்கிறது. லைசென்ஸ் ஆளோட ஒட்டிக்கிட்டு இருக்கிறது" என்றார். தட பாத்தியம் உள்ள இடத்தை நாம் விற்றால், வாங்குகிறவருக்கும் பாத்தியம் போகும். பக்கத்து இடத்துக்காரர் அவர் இடத்தை விற்றாலும், வாங்கியவர் அந்தத் தடத்தை விட்டுத்தான் ஆக வேண்டும். லைசென்ஸ் அப்படி இல்லை. கொடுத்தவர் நினைத்தால் பொதுவாகத் திரும்பப் பெறலாம். அவர் இடத்தை விற்றுவிட்டால், வாங்கியவரை அந்த அனுமதி கட்டுப்படுத்தாது என்று சட்டத்தின் 59-வது பிரிவு சொல்கிறது.

எங்கள் தடம் இதில் எது? அக்கா ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்.

முதலில், அவசியத்தால் வரும் பாத்தியம். ஒருவர் தன் நிலத்தை இரண்டாக்கி, உள்ளே இருக்கும் துண்டை விற்கிறார். வெளியே வர வேறு வழியே இல்லை என்றால், மிச்ச நிலத்தின் வழியாக வர வாங்கியவருக்குச் சட்டமே வழி கொடுக்கும். எங்களுக்கு இது பொருந்தாது. அப்புச்சி இடம் வாங்கியது வேறொருவரிடம். அதோடு, முன்பக்கச் சந்து இருக்கிறது. "வண்டி போகாதேங்க" என்றார் மாமா. "வசதி வேற, அவசியம் வேறங்க. ஆள் போக வழி இருக்குன்னா கோர்ட் அதைத்தான் பார்க்கும்" என்றார் அக்கா.

அடுத்தது, நீண்டகால அனுபவத்தால் வரும் பாத்தியம். டீக்கடை நம்பிக்கை இங்கேதான் பிறக்கிறது. இருபது வருஷம் தடையில்லாமல், பகிரங்கமாக, சண்டை சச்சரவு இல்லாமல், உரிமையாக அனுபவித்திருக்க வேண்டும். அரசு நிலமென்றால் முப்பது வருஷம். அந்த அனுபவம் வழக்குப் போடுவதற்கு முந்தைய இரண்டு வருஷத்துக்குள் வரை நீடித்திருக்கவும் வேண்டும். யாராவது வேலி போட்டு அடைத்து, அது தெரிந்தும் நாம் ஒரு வருஷம் சும்மா இருந்துவிட்டால், அனுபவம் அறுந்ததாகக் கணக்கு.

மாமா முகத்தில் வெளிச்சம் வந்தது. முப்பத்தைந்து வருஷம், பகிரங்கம், சண்டை இல்லை. எல்லாம் இருக்கிறதே!

"உரிமையாங்கிற வார்த்தையை விட்டுட்டீங்களே" என்ற அக்கா, அப்புச்சி பையில் கொண்டுவந்திருந்த ஒரு பழைய காகிதத்தை எடுத்து வைத்தார்.

1999-ல் அந்தப் பக்கம் திருட்டு நடந்ததால், பக்கத்து இடத்துக்காரர் கேட் போட்டுப் பூட்டினார். அப்புச்சிக்கு ஒரு சாவி கொடுத்தார். சாவி வாங்கியதற்கு அத்தாட்சியாக அப்புச்சி வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். "தங்கள் அனுமதியின்பேரில் தங்கள் இடத்தில் வண்டி ஓட்டி வருகிறேன். தாங்கள் கேட்கும்போது சாவியைத் திருப்பித் தருகிறேன்" என்று இரண்டே வரி. அதன் நகல்தான் அது. மூலக் காகிதம் இப்போது புது உரிமையாளரிடம்.

அனுமதி என்று எழுதிய பிறகு அது உரிமையாகாது. அனுமதியோடு ஐம்பது வருஷம் போனாலும் அனுமதியாகவேதான் இருக்கும். அதற்கு முன்பு கேட் இல்லாமல் போன காலத்தை உரிமையாகக் கணக்கிட்டாலும், 1988 முதல் 1999 வரை பதினோரு வருஷம்தான். இருபது வரவில்லை.

அப்புச்சி ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார். "ஏனுங்க, கேட்டுப் போறதுதானுங்க மரியாதை? கேக்காம போயிருந்தா உரிமை, கேட்டுப் போனா ஒண்ணுமில்லீங்களா?"

அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அக்காவிடம் இருந்தது.

"அய்யா, அவர் பக்கம் நின்னு பாருங்க. பக்கத்து வீட்டுக்காரனுக்கு நல்ல மனசோட வழி விட்டவரோட நிலம், இருபது வருஷத்துல அதனாலேயே பாத்தியதைக்கு மாட்டிக்கும்னா யாரு வழி விடுவாங்க? எல்லாரும் முதல் நாளே பூட்டு போட்டுடுவாங்க. நல்ல மனசு நல்ல மனசாவே இருக்கட்டும்னுதான் சட்டம் இப்படி வெச்சிருக்கு."

அப்புச்சி தலையாட்டினார். ஒப்புக்கொண்டாரா, ஆறுதல்பட்டாரா, தெரியவில்லை.

மாமா விடவில்லை. "அந்தத் தடம் எங்களுதேன்னு கேஸ் போட்டா?" என்றார். அக்கா உடனே மறுத்தார். தன் சொந்த நிலத்தில் ஒருவருக்குத் தட பாத்தியம் இருக்க முடியாது. பாத்தியம் என்பதே அடுத்தவர் நிலத்தில் உள்ள உரிமை. நிலம் எங்களுடையது என்று மட்டும் வழக்குப் போட்டுவிட்டு, அது தோற்றதும் வழியையாவது கொடுங்கள் என்று கேட்டால் கிடைக்காது. பாத்தியத்தை மனுவிலேயே தனியாகச் சொல்லி, எந்த வகை, எப்போதிலிருந்து என்று நிரூபிக்க வேண்டும். அப்படிக் கேட்காத பாத்தியத்தைக் கோர்ட் தானாகக் கொடுக்க முடியாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

கடைசியாக ஒரு கதவு மிச்சம் இருந்தது. லைசென்ஸை நம்பி, அந்த இடத்தில் நிரந்தரமான கட்டுமானத்தைச் செலவு செய்து எழுப்பியிருந்தால், அந்த லைசென்ஸை ரத்து செய்ய முடியாது. 60-வது பிரிவு. லக்னோவில் உரிமையாளர் அனுமதித்த இடத்தில் பிஷுன் நாராயண் இன்டர் கல்லூரி வகுப்பறைகளையும் கழிப்பறைகளையும் கட்டிவிட்டது. பிறகு அந்த இடத்தை வாங்கியவர் அவர்களை வெளியேற்றக் கேட்டார். 1987-ல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

"நாங்களும் செலவு பண்ணியிருக்கோமுங்க" என்று மாமா நிமிர்ந்தார். என்ன செய்தோம்? மழைக்குச் சேறாகாமல் இருக்க மூன்று முறை கிராவல் மண் கொட்டினோம். அக்கா சிரித்தார். மண் கொட்டியது பராமரிப்பு. அதை நிரந்தரக் கட்டுமானம் என்று கோர்ட்டில் சொல்லி நிற்பது கஷ்டம்.

ஆக, எங்களிடம் இருந்தது லைசென்ஸ்தான். லைசென்ஸ் முடிந்தாலும் நம்மை உடனே தள்ளிவிட முடியாது. வெளியேறவும், பொருட்களை எடுத்துக்கொள்ளவும் நியாயமான அவகாசம் உண்டு. பட்டறையில் கிடந்த தகடுகளையும் பெரிய அண்டாக்களையும் வெளியே எடுக்க அந்த இரண்டு மாதம் போதும். அதற்குப் பிறகு? வண்டி வராத பாத்திரப் பட்டறை என்பது மூடிய பட்டறைதான். ஒன்பது பேர் அங்கே வேலை பார்க்கிறார்கள்.

ஜெயிக்க முடியாத வழக்கை நடத்துவதற்குப் பதில், பேசச் சொன்னார் அக்கா. இல்லாத பாத்தியத்தை விலை கொடுத்து வாங்கலாம். புது உரிமையாளருக்குக் குடோனுக்கு நடுவே தடம் போவதுதான் பிரச்னை. ஓரமாகப் போனால் அவருக்கு நஷ்டம் குறைவு. நாலு முறை பேச்சு நடந்தது. தெற்கு எல்லையை ஒட்டி எட்டடி விட ஒப்புக்கொண்டார். மாமா ஒரு லோடு செம்புத் தகடு வாங்கும் அளவு பணம் கொடுக்க வேண்டியிருந்தது.

பத்திரம் எழுதும்போது அக்கா சில விஷயங்களில் பிடிவாதமாக இருந்தார். இரண்டு இடங்களின் சர்வே எண்ணும் நான்கு எல்லைகளும் இருக்க வேண்டும். தடத்தின் அகலம், நீளம், வரைபடம் வேண்டும். ஆள் மட்டுமா, சரக்கு வண்டியுமா என்று எழுத வேண்டும். தடத்தை யார் பராமரிப்பது என்று இருக்க வேண்டும். வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளாமல், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். அப்போதுதான் நாளைக்கு அந்த இடத்தை வாங்க வருகிறவர் வில்லங்கச் சான்றிதழிலேயே அதைப் பார்ப்பார்.

இப்படி எழுதி வாங்கிய பாத்தியத்துக்கு இன்னொரு பலம் உண்டு. அவசியத்தால் வந்த பாத்தியம், வேறு வழி கிடைத்ததும் முடிந்துபோகும். எழுதிக் கொடுத்த பாத்தியம் அப்படி முடியாது. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. நாளைக்கே எங்கள் முன்பக்கச் சந்து அகலமானாலும் பின்பக்க எட்டடி எங்களுக்கு இருக்கும்.

எதிர்த்தரப்பு அனுப்பிய முதல் வரைவில் "தடத்தைப் பயன்படுத்திக்கொள்ள அனுமதி அளிக்கப்படுகிறது" என்று இருந்தது. அக்கா 'அனுமதி' என்ற வார்த்தையை அடித்தார். மேலே, "வாரிசுகளும் பின்னிட்டு வாங்குபவர்களும் உள்பட நிரந்தரமாகத் தட பாத்தியம் வழங்கப்படுகிறது" என்று எழுதினார். மாமா அதை வாய்விட்டுப் படித்துக் காட்டச் சொன்னார். அப்புச்சி இரண்டு முறை கேட்டுவிட்டு, சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

உங்கள் வீட்டுக்குப் போகும் வழி அடுத்தவர் நிலத்தில் இருந்தால், இன்றைக்கே பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். அதில் எழுதியிருப்பது பாத்தியமா, அனுமதியா?