எந்த ஊரு நீங்க?

இங்கிலாந்துல எங்க பகுதி தமிழ்ச் சங்கத்தோட ஆண்டு விழா, பொங்கலை ஒட்டி நடந்தது. இந்த வருஷம் செயற்குழுவுல என்னையும் சேர்த்துட்டாங்க. (வேற ஒண்ணுமில்ல, மண்டபத்துல நாற்காலி அடுக்க ஆள் வேணுமாம்.) புது உறுப்பினர்கள் அஞ்சு பேரும் மேடையேறி ஆளுக்கு ரெண்டு நிமிஷம் அறிமுகம் செஞ்சுக்கணும்னு செயலாளர் சொல்லிட்டார். பேர், ஊர், வேலை, குடும்பம், சங்கத்துல என்ன பொறுப்பு. அவ்வளவுதான்.

எனக்குப் பேர்லயோ வேலையிலயோ சிக்கல் இல்ல. ஊர்லதான் சிக்கல். கூடலூர்னா உடனே "ஓ, ஊட்டி பக்கமா, குளிரா இருக்குமே"ம்பாங்க. அது நீலகிரி கூடலூருங்க, எங்களுது தேனி மாவட்டம். கம்பம்னு சொன்னா ஆந்திராவுல ஒரு கம்பம் இருக்கு. தேனின்னு சொன்னா "மதுரை பக்கம்தானே?" 1996-ல மதுரையில இருந்து மாவட்டத்தைப் பிரிச்சாச்சு, இன்னும் அந்தப் பக்கத்தை விட்டு நகர மாட்டேங்குறாய்ங்க.

அதனால இந்தத் தடவை ஊரைச் சொல்லாம ஆத்தைச் சொன்னேன். மேற்கே ஓடி அரபிக்கடல்ல சேர வேண்டிய பெரியாறை மலைமேல ஒரு அணை கட்டி நிறுத்தினாங்க. தேக்கடியில மலையைக் குடைஞ்சு, அந்தத் தண்ணியைக் கிழக்கே திருப்பினாங்க. அது கீழே இறங்கி லோயர் கேம்ப்ல கரண்டு எடுத்துக் கொடுத்துட்டு, முதல்ல வர்ற ஊர் எங்க கூடலூர். அப்புறம் கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டின்னு போயி வைகையில கலந்துடும். எங்க பள்ளத்தாக்குல ரெண்டு போகம் நெல் விளையுறது அந்தத் தண்ணியில. அணையைக் கட்டின எஞ்சினியர் ஜான் பென்னிகுவிக். 1895 அக்டோபர்ல தண்ணி திறந்தாங்க. அவர் பிறந்த நாள் ஜனவரி 15. எங்க பக்கம் பொங்கல் வைக்கிற ஊர்க்காரங்க அவர் படத்துக்கும் சேர்த்தே மாலை போடுவாங்க. இவ்வளவும் சொல்லி முடிச்சப்போ மணி அடிச்சுட்டாங்க. என் வேலை என்னன்னு சொல்லவே இல்ல!

கீழ இறங்கினதும் சின்னமனூர்க்காரர் ஒருத்தர் ஓடி வந்தார். "ஏண்ணே, அவரு பொண்டாட்டி நகையை வித்து அணை கட்டினதைச் சொல்லாம விட்டுட்டீங்களே!"

வேணும்னுதான் விட்டேன். சின்ன வயசுல இருந்து நானும் கேட்டு வளர்ந்த கதைதான். ஆனா அணை கட்டினது அன்னிக்கு இருந்த சென்னை மாகாண அரசோட பணத்துல. 1886-ல திருவாங்கூரோட 999 வருஷத்துக்குக் குத்தகை எழுதினதும் அரசாங்கம்தான். நகைக்கு ஒரு காகிதம் நான் பார்த்ததில்ல. மனுஷன் காட்டுக்குள்ள காய்ச்சலோடயும் வெள்ளத்தோடயும் மல்லுக்கட்டினதே போதாதா? நகை வேற வேணுமா? அண்ணனுக்கு வருத்தம்தான். முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டுச் சாப்பிடப் போயிட்டார்.

அதுக்கப்புறம்தான் மேட்டர். வரிசையில எனக்குப் பின்னால நின்ன யாழ்ப்பாணத்து அம்மா ஒருத்தர் மெதுவாக் கேட்டாங்க.

"தம்பி, அந்த வெள்ளைக்காரரைப் புதைச்ச இடம் இங்க கேம்பர்லி பக்கம்தானே? நீங்கள் போய்ப் பாத்தனீங்களோ?"

தட்டுல இருந்த வடை அப்படியே நின்னுபோச்சு. 1911-ல கேம்பர்லியில இறந்தார், பக்கத்துல ஃபிரிம்லி தேவாலயத்துல அடக்கம், எல்லாம் எனக்குத் தெரியும். 2022-ல தமிழ்நாடு அரசு கேம்பர்லியில சிலை வச்சதையும் படிச்சேன். நான் இங்க வந்து ஒன்பது வருஷம். வீட்டுல இருந்து காருல ஒரு மணி நேரம். போகல.

"இல்லம்மா"ன்னேன். அவங்க ஒண்ணும் சொல்லல, "நேரம் கிடைக்கேக்க போங்கோ"ன்னு சோத்தை வாங்கிக்கிட்டு நகர்ந்துட்டாங்க. திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லை.

அடுத்த ஞாயித்துக்கிழமை போனேன். தூறல். கல்லறையைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆச்சு, யாரோ நம்மூர் ஆளுங்க வந்து வச்ச பூ மாலை காய்ஞ்சு கிடந்ததை வச்சுத்தான் அடையாளம் தெரிஞ்சது. சுத்தி வெறும் புல்லு. என்ன செய்யுறதுன்னு தெரியாம அஞ்சு நிமிஷம் நின்னேன், அப்பாவுக்குப் போன் போட்டேன்.

எங்க ஊர்ப் பெருசுக காலையில காபி குடிக்கிறதுக்கு முன்னாடி பேப்பர்ல அணை நீர்மட்டம் பார்ப்பாங்க. 1979-ல 136 அடியாக் குறைச்சு, 2014-ல சுப்ரீம் கோர்ட்டு 142 வரைக்கும் தேக்கலாம்னு சொன்ன கணக்கெல்லாம் அப்பாவுக்கு அத்துபடி.

"எங்கடா நிக்கிற?"

சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

"அணையில இன்னிக்கு எத்தனை அடின்னு சொன்னியா அவருகிட்ட?"

"இல்லப்பா. பார்க்காம வந்துட்டேன்."

"இரு, பேப்பர் எடுத்துட்டு வர்றேன்"னு போனைக் கீழ வச்சுட்டுப் போனார்.