திரியவிட்டுத் திரட்டும் பால்

திரட்டுப்பால் என்ற பெயரிலேயே அதன் செய்முறை இருக்கிறது: பாலைச் சுண்டவைத்துக் கெட்டியாகத் திரட்டுவது. எலுமிச்சையோ படிகாரமோ விட்டு லேசாகத் திரியவைப்பதைப் பற்றி அந்தப் பெயர் எதுவும் சொல்வதில்லை. ராயபுரத்துக்குப் பக்கத்திலுள்ள சவுகார்பேட்டையின் வடநாட்டு மிட்டாய்க் கடைகளில் 'மில்க் கேக்' என்று விற்கும் பழுப்பு வில்லையைப் பார்த்தால், திரியவைக்கும் பழக்கத்தின் தடம் தெரிகிறது. அது ராஜஸ்தானின் அல்வர் நகரத்துப் பண்டம். 1947 பிரிவினையின்போது அங்கே வந்து சேர்ந்த பாபா தாக்கூர் தாஸ் என்ற மிட்டாய்க்காரரே இதைத் தொடங்கினார் என்பது அவ்வூரில் வழங்கும் கதை.

ஆனால் தமிழ்நாட்டிலும் மணல்மணலான பதம் புதிதல்ல. வெல்லம் போட்ட திரட்டுப்பாலில் எலுமிச்சை இல்லாமலேயே அது வந்துவிடும். கொதிக்கும் பாலில் வெல்லம் விழுந்தால் பால் திரியக்கூடும் என்பது பாயசம் வைப்பவர்கள் அறிந்த தொல்லை. அங்கே தொல்லையாக இருப்பதுதான் இங்கே பதமாகிறது. சர்க்கரைக்கு அந்தக் குணம் இல்லை. வெள்ளையாகச் செய்ய விரும்பினால் புளிப்பை வெளியிலிருந்துதான் சேர்க்க வேண்டும்.

திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்க வீடுகளில் எளிதாகக் கிடைப்பது ஆவின் ஆரஞ்சு பாக்கெட். அதில் கொழுப்பு 6 சதவீதம் இருப்பதால் இதற்கு ஏற்றது. 2 லிட்டர் பாலை அடிகனமான வாணலியில் பாதியாகச் சுண்டவிட வேண்டும். பிறகு தீயைத் தணித்து, ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாற்றில் சிறிது நீர் கலந்து, பாதியை மட்டும் ஊற்றிக் கிளற வேண்டும். ரவை போலக் குருணை தெரிந்தால் போதும். மீதிச் சாறு தேவையில்லை. பச்சைநிறத் தண்ணீர் தனியாகப் பிரிந்தால் புளிப்பு மிஞ்சிவிட்டது என்று பொருள். அது பன்னீராகிவிடும்; எவ்வளவு கிளறினாலும் ரப்பர் போலத்தான் இருக்கும்.

நீர் வற்றிக் கூழானதும் 150 கிராம் சர்க்கரை சேர்க்கலாம். உடனே கலவை இளகும், பயப்பட ஒன்றுமில்லை. ஒரு கரண்டி நெய் விட்டு, தட்டையான கரண்டியால் அடியைத் தொட்டுக் கிளறிக்கொண்டே இருந்தால், ஓரம் விட்டுச் சுருண்டு ஒரே உருண்டையாகத் திரளும். துளி எடுத்து உருட்டினால் விரலில் ஒட்டக்கூடாது. நடுவில் அடிபிடித்தால் சுரண்டாமல் வேறு வாணலிக்கு மாற்றிவிடுவதே வழி.

இந்த நிலையில் தட்டில் மெல்லியதாகப் பரப்பினால் வெளுத்த வில்லைகள் கிடைக்கும். அல்வர் நிறம் வேண்டுமென்றால், சூடு ஆறுமுன் ஆழமான கிண்ணத்தில் அழுத்தி, மூடி, துணி சுற்றி வைக்க வேண்டும். ஓரம் சீக்கிரம் ஆறி வெளிறியே இருக்கும். நடுப்பகுதியில் சூடு மணிக்கணக்கில் நிற்பதால் பாலின் புரதமும் சர்க்கரையும் வினைபுரிந்து பழுப்பேறும். மறுநாள் கவிழ்த்து வெட்டும்போது இரண்டு நிறமும் தெரியும்.