ஒன்று முதல் நாற்பத்திரண்டு வரை

காரைக்குடிப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் பெயரை நம்பி மதிப்பெண் சேர்க்கவே கூடாது. நகரத்தார் வீடுகளில் மூத்த பேரனுக்கு அப்பாவைப் பெற்ற ஐயாவின் பெயரை வைப்பது வழக்கம். அண்ணன் தம்பி பிள்ளைகள் ஒரே வயதில் இருந்தால் ஒரே வகுப்பில் இரண்டு வள்ளியப்பன் உட்கார்ந்திருப்பார்கள். தலைப்பெழுத்தைக் கொண்டு பிரிக்கலாம் என்றால் அதிலும் சிக்கல். இந்த ஊர்த் தலைப்பெழுத்து ஒற்றை எழுத்தோடு நிற்பதில்லை. அழகப்பச் செட்டியாருக்கு முன்னால் வரும் ‘ராம.’ ஆங்கிலத்தில் RM ஆகும். கவிஞர் வள்ளியப்பாவின் ‘அழ.’ AL ஆகும். ஆகவே தமிழாசிரியர் ‘அழ. வள்ளியப்பன்’ என்று அனுப்பிய பையன் கணக்கு வாத்தியாரிடம் Valliappan AL, வேதியியல் மேடத்திடம் A.L.Valliappan. கம்ப்யூட்டரின் கண்ணுக்கு இவர்கள் மூன்று பேர்.

அதனால் வரிசை எண்தான் கதி. பிளஸ் ஒன் வகுப்பாசிரியராகக் காலாண்டுத் தேர்வுக்குப் பின் நான் செய்யும் முதல் காரியம், மதிப்பெண்ணே இல்லாத ஒரு வெற்றுத் தாளைத் தயார் செய்வது. வருகைப்பதிவேட்டைப் பார்த்து முதல் பத்தியில் 1 முதல் 42 வரை எண், அடுத்து பெயர், பிறகு தமிழ், ஆங்கிலம், இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல், கணினி அறிவியல். என் வகுப்பில் பாதிப்பேர் உயிரியல், மீதிப்பேர் கணினி. இரண்டையும் ‘ஆறாவது பாடம்’ என்று ஒரே பத்தியில் அடைக்கிறவர்கள் உண்டு. பாட ஆசிரியர் சராசரி கேட்கும்போது அது கழுத்தை அறுக்கும். தனித்தனிப் பத்தி வைத்து, எடுக்காத பாடத்தில் ஒரு கோடு போட்டுவிடுவது நல்லது.

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வந்த பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, கடைசியில் எண்வாரியாக வரிசைப்படுத்துகிறார்கள். ஒரு பட்டியலில் ஒரு பையன் விடுபட்டிருந்தால் போதும், அவனுக்குக் கீழே உள்ள அத்தனை பேரும் ஒரு படி மேலே ஏறி அடுத்தவன் மதிப்பெண்ணில் உட்கார்ந்துகொள்வார்கள். எண் சட்டகம் முதலிலேயே வரிசையாக இருந்துவிட்டால் பிறகு வரிசைப்படுத்த எதுவுமில்லை. மதிப்பெண்கள்தான் தத்தம் எண்ணைத் தேடி வரவேண்டும்.

வருகிற விதம் ஒவ்வொன்றும் ஒரு ரகம். ஒருவர் எக்செல் கோப்பு, ஒருவர் பிடிஎஃப், ஒருவர் வாட்ஸ்அப்பில் ‘1-67, 2-45, 3-AB’ என்று ஒரே மூச்சில் தட்டிய செய்தி. அந்தச் செய்தியை வரி வரியாக்கி அப்படியே எக்செல்லில் ஒட்டிப் பாருங்கள். முதல் எண் Jan-67 என்று வரும், இரண்டாவது Feb-45. எக்செல் அதைத் தேதி என்று எடுத்துக்கொள்கிறது. பதின்மூன்றாவது மாதம் கிடையாது என்பதால் 13-லிருந்து பெரும்பாலும் ஒழுங்காக இருக்கும். பட்டியலின் தலைப்பகுதி மட்டும் மாதங்களாக மாறியிருந்தால் காரணம் இதுதான். ஒட்டிய பின் திருத்துவது வீண், தேதியானது தேதியானதுதான். ஒட்டுவதற்கு முன்பே நோட்பேடில் போட்டு அந்தக் கோட்டை டேப் இடைவெளியாக மாற்றிவிட வேண்டும்.

பிடிஎஃப் வேறு மாதிரி ஏமாற்றும். அதிலிருந்து நகலெடுக்கும்போது காலிக் கட்டம் பல சமயம் மறைந்துபோகும். ஒரே பட்டியலில் பல பாடங்கள் இருந்தால், இயற்பியலுக்கு வராத பிள்ளையின் வேதியியல் மதிப்பெண் இடப்பக்கம் நகர்ந்து இயற்பியலில் ஏறிவிடும். அந்த வரியில் கடைசிக் கட்டம் காலியாக நிற்பதுதான் அடையாளம்.

ஒவ்வொரு பட்டியலையும் PHY, CHE என்று தனித்தனித் தாளில் ஒட்டிக்கொண்டு, சட்டகத்தில் இப்படி எழுதுகிறேன்:

```
=VLOOKUP($A2,CHE!$A:$C,3,FALSE)
```

என் எண் A பத்தியில். வேதியியல் தாளில் எண், பெயர், மதிப்பெண் என்று மூன்று பத்தி. கடைசியில் உள்ள FALSE-ஐ விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை ஒருமுறை வேண்டுமென்றே செய்து பார்ப்பது நல்லது. வேதியியல் பட்டியலில் 17-ஆம் எண் விடுபட்டிருக்கிறது என்று வையுங்கள். FALSE இருந்தால் அங்கே #N/A வரும். மேடத்துக்குப் போன் போட்டுக் கேட்கலாம். இல்லையென்றால் 16-ஆம் எண்காரரின் 61 சத்தமில்லாமல் 17-க்கும் வந்து உட்காரும். பார்வைக்கு எந்தக் குறையும் தெரியாது. #N/A-வைப் பார்த்து எரிச்சல்படுகிறவர்களை எனக்குப் புரிந்ததே இல்லை. உண்மையைச் சொல்கிற ஒரே கட்டம் அதுதான்.

எண் கண்ணுக்குத் தெரிந்தும் #N/A வந்தால், அந்த எண் எழுத்தாகப் பதிந்திருக்கிறது. எழுத்து கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும், எண் வலப்பக்கம் நிற்கும். யாரும் நடுவில் நிறுத்தி அழகு பார்க்காதவரை இந்த அடையாளம் போதும். இணையப் பக்கத்திலிருந்து ஒட்டியதில் TRIM போட்டாலும் போகாத ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கு மருந்து இது:

```
=VALUE(TRIM(SUBSTITUTE(A2,CHAR(160)," ")))
```

இதைவிட மோசமானது காலிக் கட்டம். ஆசிரியர் வராதவருக்கு எதுவும் எழுதாமல் விட்டிருந்தால் VLOOKUP அங்கே 0 என்று கொண்டுவரும். காய்ச்சலில் படுத்திருந்த பெண் பூஜ்யம் வாங்கியதாகத் தேர்ச்சி அட்டை வீட்டுக்குப் போகும். வகுப்புச் சராசரியும் இறங்கும், ஏனென்றால் AVERAGE வெறுங்கட்டத்தையும் AB-யையும் கணக்கில் எடுக்காது, 0-வை எடுக்கும். எனவே சேர்ப்பதற்கு முன் பட்டியலில் உள்ள ஒவ்வொரு காலிக் கட்டத்துக்கும் ஆசிரியரிடம் பதில் வாங்கி AB என்று எழுதிவிட வேண்டும்.

எழுத்துத் தேர்வு இயற்பியல், வேதியியல், உயிரியலுக்கு 70-க்கு, தமிழ், கணிதத்துக்கு 90-க்கு. ஒருவர் 70-க்கே அனுப்புவார், இன்னொருவர் நூற்றுக்கு மாற்றி அனுப்புவார். வகுப்பில் நன்றாகப் படிப்பவர்கள் இருந்தும் ஒரு பத்தியில் ஒருவர்கூட 70-ஐத் தாண்டவில்லை என்றால் கேட்டே ஆகவேண்டும். தலைப்புக்குக் கீழே ஒரு வரியில் அதிகபட்ச மதிப்பெண்ணை எழுதி வைக்கிறேன்.

கடைசியில் சரிபார்ப்பு. ரங்கூனுக்கும் மலாயாவுக்கும் போன இந்த ஊர் ஆட்கள் ஐந்தொகை போட்டு இரண்டு பக்கமும் நேராகும் வரை கணக்கை மூடமாட்டார்கள். அதைப்போல ஒவ்வொரு பாடத்துக்கும் ஆசிரியரின் பட்டியலில் எத்தனை பேர், மொத்தம் எவ்வளவு என்பதும், என் பத்தியில் எத்தனை பேர், மொத்தம் எவ்வளவு என்பதும் ஒன்றாக வரவேண்டும். வராவிட்டால் பெரும்பாலும் எங்கோ ஓர் எண் எழுத்தாகக் கிடக்கும். SUM அதைத் தாண்டிப் போய்விடும்.

ஆனால் மொத்தம் சரியாக வந்தாலும் பிழை இருக்கலாம். ஜூனில் ஒரு வரிசை எண் போடுகிறோம். சேர்க்கையெல்லாம் முடிந்த பிறகு அகரவரிசைப்படி மறுபடி போடுகிறோம். ஓர் ஆசிரியர் மட்டும் ஜூன் பட்டியலை வைத்துக்கொண்டே திருத்தியிருந்தால் ஆள் எண்ணிக்கையும் சரி, மொத்தமும் சரி, மதிப்பெண்கள் மட்டும் ஆள் மாறி நிற்கும். கூட்டல் இதைக் கண்டுபிடிக்காது. அதற்காகத்தான் மதிப்பெண்ணோடு ஆசிரியர் எழுதிய பெயரையும் அதே VLOOKUP-பில் 3-க்குப் பதில் 2 போட்டு இழுத்து, என் பெயருக்குப் பக்கத்தில் வைத்துக் கண்ணால் படிக்கிறேன். எழுத்துக்கூட்டு வேறாக இருக்கும், பரவாயில்லை. ஆள் வேறா என்பதை நாற்பத்திரண்டு வரியில் கண் பார்த்துவிடும். இரண்டு வள்ளியப்பன்களும் இங்கேதான் பிடிபடாமல் தப்பிக்கப் பார்ப்பார்கள். அவர்களுக்கு மட்டும் விடைத்தாளையே எடுத்துப் பார்த்துவிடுகிறேன்.

பாட ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பட்டியலை அழகுபடுத்த வேண்டாம். கட்டங்களை இணைக்க வேண்டாம். தேர்ச்சி பெறாதவர்களுக்குச் சிவப்பு அடிக்க வேண்டாம். இன்றைய வருகைப்பதிவேட்டில் உள்ள எண், பெயர், மதிப்பெண், வராதவருக்கு AB, எத்தனைக்கு என்று தலைப்பில் ஓர் எண். இவ்வளவு அனுப்பினால் போதும்.