அறிவித்து உயர்த்திய கூலி

முந்தல் பக்கத்துக் கரையில் இயந்திரப் படகு செலுத்தும் மீனவருக்கு 2022 ஓகஸ்ட் 21ஆம் திகதி வரை ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபா. மறுநாள் அதுவே 340 ரூபா. இடையில் இருந்தது ஓர் இரவு மட்டுமே. அந்த ஓர் இரவுக்குள் அவர் தம் செலவை எவ்வாறு மாற்றியமைத்துக் கொள்வார் என்று எவரும் கேட்கவில்லை. அவரோ தாம் பிடித்த மீனுக்குத் தாமே விலை சொல்ல இயலாதவர். கரையில் நிற்கும் முதலாளி சொல்வதே விலை. ஏற்றம் மேலிருந்து இறங்கும்போது அறிவித்தல் இல்லை. ஏற்றம் கீழிருந்து கேட்கப்படும்போது ஆயிரம் நியாயம் காட்ட வேண்டும். அவ்வாண்டில் நாடு முழுவதும் கண்ட வழக்கம் இதுதான்.

அதே நாட்களில் நாமும் நம் கூலியை உயர்த்த வேண்டியவர்களானோம். நாம் முந்தலில் வீட்டிலிருந்தபடியே மொழிபெயர்ப்புத் தொழில் செய்கிறவர்கள். மாதச் சம்பளம் தரும் எசமானர் இல்லை. கொழும்பிலும் புத்தளத்திலும் சிலாபத்திலும் பல ஆண்டுகளாக வேலை தரும் ஐந்து இடங்கள் உண்டு. 250 சொற்கள் கொண்ட பக்கம் ஒன்றுக்கு 500 ரூபா என்று 2019இல் பேசிய கூலியே 2022 வரை நீடித்தது. இது பக்கக் கணக்குக் கூலி. பக்கக் கூலியும் நேரக் கூலியின் மாற்றுருவமே என்பதை மார்க்ஸ் தமது ‘மூலதனம்’ முதற்பாகத்தில் தனி அத்தியாயமாகவே எழுதினார். ஆதலின் நாம் முதலில் செய்தது, பக்கத்தை நாளாகவும் மாதமாகவும் மாற்றிக் கணக்கிடுவதே.

மொழிபெயர்த்து, ஒப்புநோக்கி, திருத்தி முடிக்க நாளொன்றுக்கு ஆறு பக்கங்களே நேர்மையாக இயலும். மாதத்தில் இருபத்தைந்து நாட்கள் மேசையில் அமர்ந்தாலும், கூலி கிடைக்கும் நாட்கள் பதினாறுதான். எஞ்சியவை சந்தேகங்களுக்கு விடை எழுதவும், பில் அனுப்பவும், வராத பணத்தைக் கேட்கவும், வேலைக்குக் காத்திருக்கவும் போய்விடும். தனித்துத் தொழில் செய்வோர் பலர் இந்த ஒன்பது நாட்களை எண்ண மறந்து கூலி சொல்லிவிடுகிறார்கள். ஆக மாதம் 96 பக்கங்கள், 48,000 ரூபா. இதில் மின்சாரம், இணையம், தொலைபேசி, கணினியின் தேய்மானம், பயணம் ஆகியவற்றுக்கு 2021 செப்டெம்பரில் 8,000 ரூபா போக, 40,000 ரூபா வீட்டுக்கு வந்தது.

ஓராண்டின் பின் என்ன நிலை? கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் விலைவாசி ஓராண்டுக்குள் 69.8 சதவீதம் ஏறியிருந்தது. மின்கட்டணம் ஓகஸ்டில் சராசரி 75 சதவீதம் உயர்த்தப்பட்டது. நமது தொழிற் செலவு 15,000 ரூபாவாயிற்று. பழைய 40,000 ரூபா வாங்கியதை வாங்க இப்போது ஏறத்தாழ 68,000 ரூபா வேண்டும். இரண்டையும் கூட்டினால் 83,000. அதனை 96ஆல் வகுத்தால் பக்கத்துக்கு 865 ரூபா. முந்தைய ஆண்டுகளின் ஏற்றத்தை விட்டுவிட்டே இக்கணக்கு.

நாம் கேட்கத் தீர்மானித்தது 750 ரூபா. இது தயாளம் அன்று. 865 கேட்டால் எத்தனை பேர் விலகுவார்கள், 750 கேட்டால் எத்தனை பேர் விலகினாலும் தாங்கலாம் என்பதை எண்ணிப் பார்த்ததன் விளைவு. 500 ரூபாவை 750 ஆக்கினால், வேலையில் மூன்றில் ஒரு பங்கு போனாலும் மொத்த வருமானம் குறையாது: 64 பக்கங்களுக்கு 750 வீதம் அதே 48,000 ரூபா வரும், அதுவும் பதினாறு நாட்களில் அல்ல, பதினொரு நாட்களில். இந்த எல்லையை முன்கூட்டியே அறிந்தவர் பேச்சுவார்த்தையில் நடுங்க வேண்டியதில்லை. அறியாதவரோ முதல் மறுப்பிலேயே பழைய கூலிக்குத் திரும்பிவிடுவார்.

அடுத்த கேள்வி, எத்தனை நாள் முன்னறிவித்தல் என்பது. நாம் இரண்டு மாதங்கள் என்று வகுத்தோம். வேலை தருவோர் பெரும்பாலும் ஒரு நூலுக்கோ அறிக்கைக்கோ முன்னதாகவே செலவுத் திட்டம் போட்டிருப்பர். அத்திட்டம் முடியும் முன் கூலியை மாற்றுவது, மண்ணெண்ணெய் விலையை இரவில் மாற்றியதற்கு ஒப்பாகும். ஆனால் முன்னறிவித்தல் இலவசம் அன்று. பக்கத்துக்கு 250 ரூபா வீதம் இரண்டு மாதங்களில் நாம் விட்டுக்கொடுத்தது 48,000 ரூபா, அதாவது ஒரு மாதத்து முழு வருமானம். ஆதலின் முன்னறிவித்தலை மரியாதைச் சொல்லாக மட்டும் எண்ணலாகாது. அது உழைப்பாளி தன் பையிலிருந்து தரும் தவணை. யாருக்கு எவ்வளவு தருவது என்று எண்ணியே தர வேண்டும்.

இங்கேதான் ஐந்து இடங்களும் ஒன்றல்ல என்பது புலப்பட்டது. அவற்றுள் ஒன்று வெளிநாட்டு நிதியில் இயங்கும் ஆராய்ச்சி நிறுவனம். 2022 மார்ச் தொடக்கம் வரை ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. மத்திய வங்கி கட்டுப்பாட்டைத் தளர்த்திய பின், மே மாதத்துக்குள் 360 ரூபா. முன்னர் நமது 500 ரூபா பக்கம் அவர்களுக்கு இரண்டரை டொலர். 360 ரூபா வீதத்தில் அது ஒரு டொலரும் நாற்பது சதமுமே. நாம் 750 ஆக்கிய பின்னரும் இரண்டு டொலருக்குச் சற்று மேல்தான். அதாவது, ரூபாவின் வீழ்ச்சியால் நமது கூலி சத்தமின்றிக் குறைக்கப்பட்டிருந்தது. நாம் உயர்த்திய பின்னரும் அவர்கள் முன்பைவிடக் குறைவாகவே கொடுத்தார்கள். அவர்களுக்கு இரண்டு மாத அறிவித்தல் போதும். படிப்படியான ஏற்றம் வேண்டியதில்லை.

மறுபுறம், புத்தளத்து ஆசிரியர் சிலர் சேர்ந்து உயர்தர மாணவருக்குப் பயிற்சி நூல் வெளியிட்டு வந்தனர். அவர்களது சம்பளம் ஏறவில்லை. மாணவரிடம் பழைய விலைக்குப் பணமும் வாங்கியாயிற்று. 2022ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சையோ 2023 ஜனவரியிலும் பெப்ரவரியிலுமே நடந்தது. ஆகவே அப்பரீட்சைக்கான நூல் முடியும் வரை அவர்களுக்கு 500 ரூபா. அதன்பின் 625 ரூபா. அதற்கு மேல் இல்லை. சிறு பதிப்பாளர் ஒருவர் உள்ளிட்ட ஏனைய மூவருக்கும் இரண்டு படிகள்.

2022 ஒக்டோபர் 1ஆம் திகதி பதிப்பாளருக்கு எழுதிய கடிதம் இது:

“அன்புடையீர், பக்கத்துக்கு 500 ரூபாவாக இருந்த எமது மொழிபெயர்ப்புக் கூலி, டிசெம்பர் 1 முதல் 625 ரூபாவாகவும், 2023 மார்ச் 1 முதல் 750 ரூபாவாகவும் இருக்கும். நவம்பர் 30க்குள் எம் கைக்கு வரும் கையெழுத்துப் பிரதிகளை, தங்கள் வழமையான மாத அளவுக்கு உட்பட்டுப் பழைய கூலிக்கே முடித்துத் தருவோம். இக்கூலி 2023 டிசெம்பர் இறுதிவரை மாறாது. வெளிநாட்டு நிதி பெறுவோருக்குப் படிகள் இல்லை. ஆசிரியர் வெளியீடுகளுக்குத் தனிக் கூலி உண்டு. கணக்கைக் காண விரும்பினால் அனுப்புவோம்.”

கூலி முதல் வாக்கியத்திலேயே நிற்பதை வாசகர் காணலாம். விலைவாசிப் புலம்பல் முன்னே வந்தால், படிப்பவர் அதனை வேண்டுகோளாகக் கொண்டு பேரம் தொடங்குவார். ‘வழமையான மாத அளவு’ என்ற சொற்களும் காரணமின்றி வந்தவை அல்ல. அவ்வரம்பு இல்லையேல், அறிவித்தல் கிடைத்ததும் ஆறு மாத வேலையை ஒரே பொதியாக அனுப்பிப் பழைய கூலியை நீட்டிக்கொள்ளலாம். கையில் வந்த திகதியே கணக்கு, ‘அனுப்புகிறோம்’ என்று சொன்ன திகதி அன்று. விதிவிலக்குகளை எல்லோருக்கும் எழுதியதற்கும் நோக்கம் உண்டு. மறைவாகத் தரும் சலுகை என்றாவது வெளிவரும். அன்று அதனைப் பெறாதவர் அனைவரும் ஏமாற்றப்பட்டவராவர்.

விளைவு என்ன? பதிப்பாளர் தொலைபேசியில், “தம்பி, கடதாசிக்காரன் காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை சொல்கிறான். நீங்கள்தான் மார்ச் மாதத்து விலையை ஒக்டோபரில் சொல்கிறீர்கள்” என்றார். அவர் அடுத்த நூலின் விலையை அதற்கேற்பக் குறித்துக்கொண்டார். ஆராய்ச்சி நிறுவனம் ஒரு வரியில் ஒப்புக்கொண்டது. மாதம் இருபது பக்கங்கள் தந்த ஓரிடம், ‘இத்தனை ஆண்டு உறவு’ என்று நினைவூட்டி, தங்களுக்கு மட்டும் பழைய கூலியே வேண்டும் என்றது. மறுத்ததும் விடை எழுதவில்லை. இத்தகைய மௌனத்துக்கு ஓர் அறிகுறி உண்டு: விலகப் போகிறவர் வாதாடுவதில்லை, வேலையின் அளவைக் குறைத்துக்கொண்டே வருவார். நவம்பரில் அவர்களிடமிருந்து வந்தது ஆறு பக்கங்கள். டிசெம்பரில் எதுவும் இல்லை.

96இலிருந்து 76 பக்கங்களாயின. அவற்றுள் ஆசிரியரின் பத்துப் பக்கங்கள் 625 வீதமும், எஞ்சியவை 750 வீதமும் கணக்கிட, 2023 மார்ச் முதல் மாதம் 55,750 ரூபா வந்தது. செலவு போக மிஞ்சியது 2021இல் மிஞ்சியதைவிட எண்ணிக்கையில் சிறிதே அதிகம். வாங்கும் சக்தியில் அதனினும் குறைவு. 2023 பெப்ரவரியில் மின்கட்டணம் மேலும் 66 சதவீதம் ஏறியபோதும், ஆண்டிறுதிவரை மாறாது என்ற சொல்லைக் காத்தோம். கடிதம் நியாயமானதாக இருந்தது. ஆனால் இழப்பை அது நிரப்பவில்லை, பகிர்ந்துகொள்ளச் செய்தது, அவ்வளவே.

1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ், இந்நாட்டில் பல தொழில்களின் குறைந்தபட்சக் கூலி இரு தரப்பினரும் அமர்ந்த சபையில் முடிவாகி, வர்த்தமானியில் வெளிவருகிறது. 2021இல் தோட்டத் தொழிலாளரின் 1,000 ரூபா நாட்கூலி அவ்வழியே வந்தது. அதன் பின்னே நீண்ட ஆண்டுகளின் போராட்டம் நின்றது. தனித்து மேசையில் அமர்ந்து எழுதுபவனுக்குச் சபையும் இல்லை, வர்த்தமானியும் இல்லை. தன் கூலி அறிவித்தலைத் தானே எழுதி, தானே அனுப்பி, மறுப்பைத் தானே எதிர்கொள்கிறான். நமது இருபது பக்கங்களும் காற்றில் கரைந்துவிடவில்லை. பக்கத்துக்கு 500 ரூபாவுக்கோ அதனினும் குறைவாகவோ இன்னொருவர் அவற்றை எழுதியிருப்பார். அவரும் நம்மைப் போலவே எங்கோ ஒரு வீட்டில் விளக்கின்கீழ் கணக்குப் பார்த்திருப்பார். அவரும் நாமும் ஒரே கூலியை ஒரே நாளில் அறிவிக்கும் ஏற்பாடு ஒன்று இல்லாதவரை, எத்துணை நேர்த்தியான கடிதமும் ஒருவர் தம் ஊணுக்காக மற்றவர்மீது விடும் போட்டியாகவே முடியும்.